ஸ்வெட்டருக்குச் சூடு தரத் தெரியாது, தெரியுமா?

(ஊட்டிச் சுற்றுலாவுக்கு முந்தைய பெற்றோர் கூட்டத்தில் ஏழாம் வகுப்பு ஆசிரியை பேசியது)

பிள்ளைகளை ஜனவரியில் ஊட்டிக்கு அழைத்துப் போகிறோம் என்று டைரியில் எழுதி அனுப்பியதுமே கடைவீதியில் ஸ்வெட்டர் வியாபாரம் சூடு பிடித்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். வாங்குங்கள், நல்லது. ஆனால் ஒரு சங்கதி தெரியுமா? நீங்கள் வாங்கப்போகும் அந்த ஸ்வெட்டரால் ஒரு துளிச் சூடுகூட உண்டாக்க முடியாது! எவ்வளவு விலை கொடுத்தாலும் முடியாது!

நம்பவில்லையா? இன்றைக்கு ராத்திரியே ஃப்ரிட்ஜிலிருந்து ஒரே அளவில் இரண்டு ஐஸ் கட்டி எடுங்கள். ஒன்றை எவர்சில்வர் தட்டில் வையுங்கள். இன்னொன்றைச் சின்னப் பையில் போட்டுக் கட்டி, ஸ்வெட்டருக்குள் சுருட்டி வையுங்கள். அரை மணி நேரம் கழித்துப் பிரித்துப் பாருங்கள். தட்டில் இருந்தது பெரும்பாலும் தண்ணீராகியிருக்கும். ஸ்வெட்டருக்குள் இருந்தது கட்டியாகவே இருக்கும். ஸ்வெட்டர் சூடு தருவதாக இருந்தால் உள்ளே இருந்ததுதானே முதலில் உருகியிருக்க வேண்டும்? நம் ராமநாதபுரம் ஜில்லாவில் மீனுக்கு ஐஸ் கொண்டுபோகிறவர்கள் வெயில் காலத்தில் ஐஸைச் சாக்குப் போட்டு மூடுகிறார்களே, அதே காரியத்தைத்தான் ஸ்வெட்டரும் செய்கிறது. சூட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகவிடாமல் தடுக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் சூடு எங்கிருந்து வருகிறது? பிள்ளையிடமிருந்துதான்! 35 கிலோ எடையுள்ள ஒரு பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்கும்போதே, ஒரு பழைய 60 வாட் குண்டு பல்பு அளவுக்கு அதன் உடம்பு சூடு விட்டுக்கொண்டிருக்கிறது. இந்த 60 வாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் இதை வைத்து ஒரு கணக்குப் போடப்போகிறோம்.

அந்தச் சூட்டைத் தடுத்து நிறுத்துவது நூலா, கம்பளியா? இரண்டும் இல்லை, காற்று! அசையாமல் நிற்கும் காற்று சூட்டைக் கடத்துவதில் படு சோம்பேறி. ஸ்வெட்டர் நூலின் சுருளுக்குள்ளும் கண்ணிக்குள்ளும் லட்சக்கணக்கான சின்னச் சின்ன இடுக்குகள் இருக்கின்றன. அங்கே சிக்கிக்கொள்ளும் காற்றுக்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். அதனால்தான் சொல்கிறேன், தடித்த ஸ்வெட்டர் ஒன்றைவிட மெல்லிய துணி மூன்று மேல். ஒவ்வொரு துணிக்கும் அடுத்த துணிக்கும் நடுவில் இன்னும் ஒரு காற்றடுக்கு இனாமாகக் கிடைக்கிறதே!

இது யாரோ வெள்ளைக்காரர் கண்டுபிடித்தது என்று நினைக்க வேண்டாம். நாம் போகப்போகும் நீலகிரியிலேயே வாழும் தோடர்கள் போர்த்திக்கொள்ளும் வெள்ளைப் போர்வையைப் பார்த்திருப்பீர்கள், சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்தது. அதற்குப் பெயர் பூத்துக்குளி. அந்தப் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. அது கம்பளி கிடையாது, தடித்த பருத்தித் துணி! இரண்டாக மடித்துத்தான் போர்த்துகிறார்கள். இரண்டு மடிப்புக்கும் நடுவில் பைகூட உண்டு. குளிரிலேயே பிறந்து வளர்ந்தவர்களும் இரட்டை அடுக்கைத்தான் நம்பியிருக்கிறார்கள் பாருங்கள்.

ஒரே நாளில் இரண்டு பருவம்!

அடுக்கடுக்காக உடுத்தச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பொதுவாக ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஆறரை டிகிரி குளிர்ச்சி கூடும். அந்தக் கணக்குப்படி, கடலோரத்தில் இருக்கும் நமக்கும் ஊட்டிக்கும் 14 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வருகிறது. ஆனால் வேடிக்கை என்னவென்றால், ஜனவரி மாதம் பகலில் ஊட்டியில் வெயில் நன்றாகவே அடிக்கும். நண்பகலில் 20 டிகிரி வரை போகும். ஓடியாடும் பிள்ளைக்கு அது வியர்க்கிற வெயில். அதே இடம் மறுநாள் விடியற்காலையில் 5 டிகிரிக்கும் கீழே போய்விடும்; சில காலைகளில் பூஜ்யத்தையே தொட்டுவிடும். ஒரே தடிமனான ஜாக்கெட் மட்டும் கொண்டுவந்த பிள்ளைக்கு இரண்டே வழிதான்: போட்டுக்கொண்டு வேகலாம், கழற்றிவிட்டு நடுங்கலாம். மூன்று மெல்லிய துணி போட்ட பிள்ளை வெங்காயம் உரிப்பதுபோல ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொள்ளும்.

உறைபனி மேலிருந்து விழுவதில்லை, தெரியுமா? "பனி கொட்டுது" என்று நாம் சொல்கிறோம். ஆனால் அது கொட்டுவதில்லை, புல்லின் மேலேயே பிறக்கிறது! மேகம் இல்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்தை நோக்கி விட்டுக்கொண்டே இருக்கும். தடுத்துத் திருப்பி அனுப்ப மேலே மேகம் இல்லை. அதனால் புல் நுனி, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. காற்றின் ஈரம் அதில் படிந்து உறைகிறது. செய்தியில் 3 டிகிரி என்பார்கள், காலையில் பார்த்தால் புல்வெளி வெள்ளையாக இருக்கும். செய்தி பொய் இல்லை. வெப்பமானி இருப்பது ஆள் உயரத்தில், உறைந்தது தரை மட்டத்தில். நட்சத்திரம் பளிச்சென்று தெரியும் இரவுதான் பயப்பட வேண்டிய இரவு, மூட்டமான இரவு அத்தனை மோசமில்லை.

இன்னும் கேளுங்கள். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரியே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும்! அதனால் தொட்டபெட்டா உச்சியில் இல்லாத உறைபனி, கீழே தலைக்குந்தா, காந்தல் போன்ற பள்ளமான இடங்களில் படிந்திருக்கும். இதைத் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது என்கிறீர்களா? பள்ளத்திலும் தரையிலும் குளிர் அதிகம் என்றால் பிள்ளையின் உடம்பில் முதலில் மாட்டுவது எது? கால்! காலைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

எதிரி குளிர் இல்லை, ஈரம்!

இந்தக் கூட்டத்திலிருந்து ஒரே ஒரு விஷயத்தைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த துணி போட்ட பிள்ளை 5 டிகிரியில் சிரித்துக்கொண்டு நிற்கும். ஈரத் துணி போட்ட பிள்ளை 15 டிகிரியிலேயே பல்லைக் கடிக்கும். ஏன் தெரியுமா? அசையாத காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டைக் கடத்துகிறது. நூலுக்கு நடுவில் காற்று இருந்த இடத்தில் எல்லாம் தண்ணீர் புகுந்துவிட்டால், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய காற்று போயே போய்விட்டது!

அதைவிடப் பெரிய திருட்டு ஒன்று நடக்கிறது. இப்போது அந்த 60 வாட் கணக்குக்கு வருவோம். ஒரு பையன் படகு இல்லத்தில் தண்ணீரில் விளையாடிச் சட்டையை நனைத்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். பருத்தி டி-ஷர்ட், 120 கிராம் எடை. நனைத்துக் கையால் எவ்வளவு பிழிந்தாலும் கிட்டத்தட்டத் தன் எடைக்குத் தண்ணீரை அது பிடித்து வைத்துக்கொள்ளும். சமையலறைத் தராசு இருக்கிறவர்கள் நிறுத்துப் பார்க்கலாம். நாம் குறைவாகவே, 100 மில்லி என்று எடுத்துக்கொள்வோம். "மேலேயே காஞ்சுரும் டீச்சர்" என்பான் பையன். காயும். ஆனால் ஒவ்வொரு கிராம் தண்ணீரும் ஆவியாகிப் போவதற்கு 2,400 ஜூல் சூடு கேட்கும். 100 கிராமுக்கு 2,40,000 ஜூல். அவன் உடம்பு ஒரு விநாடிக்குத் தருவது 60 ஜூல். வகுத்துப் பாருங்கள்: 4,000 விநாடி! ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அவன் உடம்பு உண்டாக்கும் சூடு முழுவதும் ஒரே ஒரு சட்டையைக் காயவைப்பதற்கே போய்விடும்!

உள்ளபடி சொன்னால், எல்லாச் சூடும் உடம்பிலிருந்தே போகாது. வெயிலும் சுற்றியுள்ள காற்றும் கொஞ்சம் பங்கு தரும். உடம்பும் சும்மா இருக்காது, நடுங்கி நடுங்கிக் கூடுதல் சூடு உண்டாக்கும். நடுக்கம் என்பதே அதற்கான ஏற்பாடுதான். ஆனாலும் சாயங்காலம் வெயில் இறங்கிய பிறகு இந்தக் கணக்கு பிள்ளைக்கு விரோதமாகவே ஓடும். அதனால்தான் யாராவது நனைந்தால், மேலே ஸ்வெட்டரைப் போட்டுவிடாமல், முதலில் உள்ளே இருப்பதைக் கழற்றுவோம். எங்களுக்கு அடையாளம் என்ன தெரியுமா? பல் தந்தியடிப்பதை எல்லோரும் கவனிப்பார்கள். நாங்கள் அதோடு விரலைப் பார்ப்போம். சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் விரல் தடுமாறினால், வாயாடிப் பிள்ளை திடீரென்று பேசாமல் உட்கார்ந்துவிட்டால், அதற்கு உடனே உலர்ந்த துணியும் சூடான பானமும் வேண்டும்.

மழையிலும் ஏரியிலும் நனைவது மட்டும்தான் ஈரமா? வியர்வை இருக்கிறதே! தாவரவியல் பூங்காவின் ஏற்றத்தில் ஓடி ஏறும் பிள்ளைக்குப் பனியன் நனையும். நம் பருத்திப் பனியன் வெயில் ஊருக்கு அமிர்தம்; வியர்வையைக் குடித்து மெதுவாக உலர்ந்து குளுமை தருவதுதான் அதன் வேலையே. குளிரிலும் அது அதே வேலையைத்தான் செய்யும், பாவம், அதற்கு ஊர் மாறியது தெரியாது! அப்படியானால் அடியில் எதைப் போடுவது? இதற்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். விளையாட்டு விழாவுக்கு வாங்கினோமே பாலியஸ்டர் ஜெர்சி, வழவழவென்று, "வேர்க்குது" என்று பிள்ளைகள் திட்டிக்கொண்டே போடுவது, அதுதான்! பாலியஸ்டர் இழை தண்ணீரைத் தனக்குள் கிட்டத்தட்ட வாங்குவதே இல்லை. அதனால் வியர்வை தங்காமல் சீக்கிரம் உலர்ந்துவிடும். ராமநாதபுரத்தில் நாம் திட்டும் துணி ஊட்டியில் ராஜா! ஒரே ஒரு எச்சரிக்கை உண்டு. இரவில் நெருப்பு மூட்டி உட்கார்ந்தால், இந்தத் துணியில் தீப்பொறி பட்டால் உருகி ஒட்டும். நெருப்புக்குப் பக்கத்தில் பருத்தியோ அசல் கம்பளியோதான் மேலாக இருக்க வேண்டும். அதை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

அசல் கம்பளி என்றதும் இன்னொரு ஆச்சரியம். ஆட்டு ரோமம் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தைக் காற்றிலிருந்து வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. அப்படி வாங்கும்போது கொஞ்சம் சூட்டையும் வெளியிடும்! ஆமாம், முதலில் ஸ்வெட்டருக்குச் சூடு தரத் தெரியாது என்று சொன்னேனே, அதற்கு இந்தச் சின்ன விதிவிலக்கு இருக்கிறது. அறிவியல் டீச்சர் என்பதால் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதற்காக ஓடிப்போய்க் கம்பளி தேடாதீர்கள். நம் கடைகளில் "உல்லன்" என்று தொங்குபவற்றில் பெரும்பாலானவை அக்ரிலிக் நூல். ஊட்டியில் திபெத்தியர்கள் கடை போட்டு விற்கிறார்களே ஸ்வெட்டர், அதுகூட மலையில் பின்னியது என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். அதில் நிறைய பஞ்சாபின் லூதியானாவிலிருந்து வருவது! உங்கள் வீட்டு ஸ்வெட்டர் எந்த ரகம் என்று பார்க்க, உள் மடிப்பிலிருந்து ஒரே ஒரு இழையை எடுத்துப் பெரியவர்கள் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் நாற்றம் அடித்துப் பொடியாக உதிர்ந்தால் கம்பளி. உருகிக் கறுப்பு மணியாகச் சுருண்டால் அக்ரிலிக். எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, நமக்குக் காற்றைப் பிடித்து வைத்தால் போதும்.

படுக்கும்போதுதான் பிள்ளைகள் பெரிய தப்புச் செய்கிறார்கள். பகலெல்லாம் போட்ட உடையோடு அப்படியே கம்பளிக்குள் புகுந்துகொள்வார்கள். அதில் பகல் முழுக்கச் சேர்ந்த ஈரம் இருக்கிறது, தொட்டால் தெரியாது, நடுராத்திரியில் தெரியும். அதனால் ஒரு செட் துணியைத் தூங்குவதற்கென்றே ஒதுக்கிக் கட்டி, தனிப் பையில் போட்டு, "இது ராத்திரிக்கு மட்டும்" என்று பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள். சட்டை, டிராக் பேன்ட், ஒரு ஜோடி சாக்ஸ், அவ்வளவே. இது பருத்தியாக இருந்தால் தாராளமாக இருக்கட்டும், தூக்கத்தில் யாரும் ஓடப்போவதில்லை.

"ஒரு செட்டைத் துவைச்சுப் போட்டா காஞ்சுராதா டீச்சர்?" என்று ஒரு அம்மா கேட்கிறார்கள். காயாது அம்மா! 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 30 கிராம் வரை நீராவியைத் தாங்கும். 5 டிகிரியில் அதே காற்று தாங்குவது 7 கிராம்கூட இல்லை. நம் மொட்டை மாடியில் ஒரு மணி நேரத்தில் காயும் துண்டு, அங்கே ராத்திரி பூராவும் தொங்கினாலும் காலையில் ஐஸ் மாதிரி சில்லென்று கைக்கு வரும். துவைத்து உடுத்தும் கணக்கே வேண்டாம். உள்ளாடை நாளுக்கு ஒன்று, மேலே இரண்டு கூடுதல்.

இரண்டு சாக்ஸ் போட்டால் கால் இன்னும் சில்லிடும்!

இப்போது கால். "ஷூவுக்குள்ள ரெண்டு சாக்ஸ் போட்டு விடட்டுமா?" இதைக் கேட்காத பெற்றோரே கிடையாது. ஷூ தளர்வாக இருந்தால் போடலாம். இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு சாக்ஸைத் திணித்தால் இரண்டு நஷ்டம் வருகிறது. நடுவில் இருக்க வேண்டிய காற்று நசுங்கி வெளியே போகிறது. விரலுக்குப் போகும் ரத்த ஓட்டமும் குறைகிறது. குளிர்ந்தால் உடம்பு முதலில் கை விரலுக்கும் கால் விரலுக்கும்தான் ரத்தத்தைக் குறைக்கும், நெஞ்சையும் மூளையையும் காப்பாற்ற வேண்டுமே! ஏற்கெனவே குறைந்த ஓட்டத்தை நாமும் இறுக்கிக் குறைத்தால் விரல் மரத்துப்போகும். சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். கொண்டுபோகும் சாக்ஸையும் ஷூவையும் வீட்டிலேயே மாட்டிவிட்டு, "அஞ்சு விரலையும் ஆட்டு" என்று சொல்லுங்கள். ஆடினால் சரி. ஆடாவிட்டால் மெல்லிய சாக்ஸுக்கு மாறுங்கள்.

சாக்ஸ் ஐந்து ஜோடி வேண்டும்: மூன்று பகல், இரண்டு இரவு. காலைப் பனியில் புல்லை மிதித்தால் கான்வாஸ் ஷூ பத்து நிமிடத்தில் உள்ளே வரை நனைந்துவிடும். நனைந்த ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து வைத்தால் ராத்திரியில் பாதி ஈரத்தை அது குடித்துவிடும். செய்தித்தாள் நாங்கள் கொண்டுவருகிறோம். புது ஷூ மட்டும் தயவுசெய்து வேண்டாம், கொப்புளத்துக்கு மருந்து போட்டே எங்கள் பொழுது போய்விடும்.

தலை? உடம்புச் சூட்டில் பாதி தலை வழியாகப் போகிறது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது கட்டுக்கதை, தெரியுமா? 1970இல் வந்த அமெரிக்க ராணுவக் கையேடு ஒன்றில் அப்படி எழுதப்போய், அது உலகம் பூராவும் பரவிவிட்டது. வளர்ந்த மனிதரின் தலை உடம்புப் பரப்பில் பத்தில் ஒரு பங்குகூட வராது. போகும் சூடும் ஏறத்தாழ அந்த அளவுதான். அதற்காக மங்கி கேப்பை வீட்டில் வைத்துவிடாதீர்கள்! காது மடலில் கொழுப்பு ரொம்பக் குறைவு, பெரும்பாலும் குருத்தெலும்பும் தோலும்தான். காற்றுப் பட்டால் முதலில் வலிப்பது அதுதான். மங்கி கேப் போட்டால் ஃபோட்டோவில் நன்றாக இல்லை என்று பிள்ளைகள் கழற்றிவிடுவார்கள். அவர்களிடம் காதை மூடும் வேறு தொப்பி கொடுத்தாலும் சரி. எனக்கு அழகைப் பற்றிக் கவலை இல்லை, காது மூடினால் போதும்.

பஸ் ஜன்னல் செய்யும் மாயம்!

காற்று அசையாமல் நின்றால்தான் நமக்கு நண்பன் என்று சொன்னேன். அசைந்தால்? 5 டிகிரிக் குளிரில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று முகத்தில் அடித்தால், தோலுக்கு அது பூஜ்யம் டிகிரி மாதிரி இருக்கும்! மலைப்பாதையில் பஸ் போகும் வேகமே அதுதான். ஜன்னலைத் திறந்துவைத்து வேடிக்கை பார்க்கும் பிள்ளை உட்கார்ந்த இடத்திலேயே 5 டிகிரியை இழக்கிறது. கண்ணி கண்ணியாகப் பின்னிய ஸ்வெட்டருக்குள் காற்று தங்கு தடையில்லாமல் புகுந்து, சிக்கவைத்த சூட்டையெல்லாம் துடைத்துக்கொண்டு போய்விடும். அதனால் மேலே காற்றுப் புகாத ஒரு மெல்லிய உறை வேண்டும். விண்ட்சீட்டர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் மழைக்கு வாங்கிய ரெயின்கோட்டே போதும், நம்புங்கள், அதற்காகத் தனிச் செலவு வேண்டாம். அது வியர்வையையும் வெளியே விடாது என்பதால், நின்ற இடத்திலும் பஸ்ஸிலும் போட்டுக்கொண்டு, ஓடி விளையாடும்போது கழற்றிவிட வேண்டும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் போகும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். யாருக்காவது வாந்தி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்! இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ராத்திரி இங்கே பஸ் ஏறும்போது புழுக்கம். ஸ்வெட்டரையும் மாற்றுத் துணியையும் பெரிய பையில் போட்டு, அந்தப் பையை டிக்கியில் ஏற்றிவிடுவோம். விடியற்காலையில் மலை ஏறத் தொடங்கியதும் குளிர் ஏறும், வாந்தியும் வரும், துணியோ டிக்கியின் அடியில் மூட்டைகளுக்கு நடுவில் இருக்கும். அந்த நேரத்தில் டிரைவர் அண்ணன் எங்கே நிறுத்துவார்? அதனால் ஸ்வெட்டர், தொப்பி, ரெயின்கோட், ஒரு செட் மாற்றுத் துணி, சின்னத் துண்டு, இவை எல்லாம் பிள்ளையின் மடியில் இருக்கும் சின்னப் பையில்தான் வர வேண்டும்.

துணியைப் பாலித்தீன் கேரி பேக்கில் சுற்றி வைக்கும் பழக்கம் நமக்கு உண்டு. நீலகிரி மாவட்டத்தில் அதற்குத் தடை, தெரியுமா? சோதனைச் சாவடியில் பார்ப்பார்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் தண்ணீர் பாட்டிலுக்கும் அதே கதிதான். ஜவுளிக்கடையில் கொடுத்த மஞ்சப் பைகளை எடுத்துத் துணியைப் பிரித்து வையுங்கள், தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில்.

அலமாரியில் அந்துருண்டை போட்டு வைத்த பழைய ஸ்வெட்டரா? இரண்டு நாள் வெயிலில் உலர்த்தி, வாசனை போன பிறகு கொடுங்கள். மூடிய பஸ்ஸில் அந்த நெடியே பத்துப் பேருக்கு வாந்தி வரவைக்கும். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு இருக்கும் பிள்ளைகளுக்கு அந்துருண்டையால் ரத்த சிவப்பணுக்களே சிதையக்கூடும் என்பதால் இது வெறும் நாற்றப் பிரச்சினை மட்டும் இல்லை. யார் வீட்டிலாவது அந்தக் குறைபாடு இருப்பதாக டாக்டர் சொல்லியிருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் தனியாகச் சொல்லுங்கள்.

தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியிலேயே உறைந்துவிடும்! குறுகிய வாய் பாட்டிலில் கொடுத்தனுப்பினால், பிள்ளைகள் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டு நிற்பார்கள், ஒரு சொட்டு வராது. வாய் அகன்ற சின்ன டப்பாவில் கொடுங்கள். உதடு வெடிக்காமல் தடவிக்கொள்ள அதுவே போதும். குளிர்கிறதே என்று வெயிலை ஏமாளியாக நினைக்க வேண்டாம். உயரம் 1,000 மீட்டர் கூடினால் தோலைச் சுடும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். ஊட்டியில் கடற்கரையைவிட 20 சதவீதத்துக்கு மேல்! பகலுக்கு விளிம்பு வைத்த தொப்பி ஒன்று இருக்கட்டும்.

பையை நிறுத்துப் பார்ப்போமா?

35 கிலோ எடையுள்ள ஒரு பிள்ளைக்கு மூன்று பகல், இரண்டு இரவு என்று கணக்குப் போட்டுக் கட்டிப் பார்ப்போம். ஏறும்போது உடம்பில் டி-ஷர்ட், டிராக் பேன்ட், ஷூ. சின்னப் பையில் ஸ்வெட்டர் 350 கிராம், காது மூடும் தொப்பி 60, ரெயின்கோட் 250, மாற்று செட் 370, துண்டு 100. ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். டிக்கிக்குப் போகும் பையில் இரண்டு ஜெர்சி, இரண்டு முழுக்கைச் சட்டை, இன்னொரு டிராக் பேன்ட், தூங்கும் செட், மெல்லிய இரண்டாவது ஸ்வெட்டர், உள்ளாடை ஐந்து, சாக்ஸ் ஐந்து ஜோடி, குளிக்கத் துண்டு, ரப்பர் செருப்பு, சோப்பு, பிரஷ் வகையறா. எல்லாம் சேர்ந்து இரண்டரை கிலோ. போர்வை வேண்டாம், தங்குமிடத்தில் கம்பளி தருகிறார்கள்.

பள்ளிப் பை பற்றிய 2020ஆம் ஆண்டு தேசியக் கொள்கை, பிள்ளை சுமக்கும் பை அதன் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது. 35 கிலோவுக்கு மூன்றரை கிலோ. நம் பெரிய பை, பையின் சொந்த எடையையும் சேர்த்து அதற்குள் அடங்கிவிடுகிறது. இதில் ஜீன்ஸ் எங்கே என்று பின்வரிசைப் பிள்ளைகள் முணுமுணுப்பது கேட்கிறது. ஒரு ஜீன்ஸே அரை கிலோ, சுத்தப் பருத்தி, நனைந்தால் இரண்டு நாளுக்குக் காயாது. குளிர் ஊருக்கு அதைவிட உதவாத துணி கிடையாது! ஃபோட்டோவுக்கென்று ஒன்று கேட்டு அடம் பிடித்தால், பஸ் ஏறும்போது போட்டுக்கொண்டு வரட்டும், பையில் வேண்டாம்.

இரண்டு ஸ்வெட்டரையும் ஒரு ராத்திரியாவது வீட்டில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சிலருக்குக் கழுத்து அரிக்கும். அரித்தால் அங்கே போய்க் கழற்றித்தான் வைப்பார்கள். அடியில் காலர் வைத்த சட்டை போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பள்ளி ஸ்வெட்டர் எல்லாமே ஒரே நீலம், தொப்பியும் பாதிப் பேருக்கு ஒரே கடையில் வாங்கியது. ஒவ்வொரு துணியிலும் உள்பக்கம் பிள்ளையின் பெயரை நூலால் தைத்துவிடுங்கள். பேனாவில் எழுதினால் அழிந்துவிடும். பையைப் பிள்ளையையே கட்டச் சொல்லி, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து மட்டும் பாருங்கள். அப்போதுதான் ராத்திரிச் செட் எந்தப் பையில் இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியும். கட்டிய பையை வீட்டுத் தராசில் நிறுத்து, எடையை டைரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் புறப்படும் நாளுக்கு முதல் நாள் அனுப்பிவிடுங்கள். நான்கு கிலோவைத் தாண்டிய பைகளை அன்று சாயங்காலமே வகுப்பில் பிரித்து, வேண்டாததைத் திருப்பி அனுப்புவேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.